மேற்செலவு ஈர்ப்பு வீதம்

மேற்செலவு ஈர்ப்பு வீதம் என்பது, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு இவ்வளவு என்று நேரடியாகச் சுட்ட இயலாத தொழிற்சாலைச் செலவுகளை, ஆண்டு தொடங்கும் முன்பே மதிப்பிட்டு, ஒவ்வொரு வேலையின் மீதும் ஏற்றுவதற்குப் பயன்படும் வீதமாகும். வாடகை, தேய்மானம், மின்சாரம், மேற்பார்வையாளர் சம்பளம், பழுதுபார்ப்பு போன்றவை இச்செலவுகளில் அடங்கும். இவ்வாறு ஆண்டு முழுவதும் ஏற்றப்பட்ட தொகை, உண்மையில் ஏற்பட்ட மேற்செலவைவிடக் குறைவாக இருப்பின் அவ்வேறுபாடு குறை ஈர்ப்பு எனப்படும். கூடுதலாக இருப்பின் மிகை ஈர்ப்பு எனப்படும்.

சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, ஐயப்பன்தாங்கல் ஆகிய பகுதிகளில் உள்ள சிறு இயந்திரப் பட்டறைகள் பலவும் வாகன உதிரிபாக நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்பவை. மூலப்பொருளை வாடிக்கையாளரே தந்துவிடுவதால், பட்டறை விற்பது பெரும்பாலும் இயந்திர நேரத்தையே. ஆகவே இங்கு ஈர்ப்பு வீதம் என்பது கணக்கேட்டில் மட்டும் உள்ள எண் அன்று. விலைப்புள்ளி கொடுக்கும்போது உரிமையாளர் சொல்லும் 'மணி ரேட்'டின் அடிப்படையே அதுதான்.

== வீதம் கணித்தல் ==

இயந்திர வேலை மிகுந்த பட்டறைக்கு இயந்திர மணி வீதமே பொருத்தமானது. ஒரே தொழிலாளி இரண்டு சி.என்.சி. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் கூலியின் விழுக்காடாக மேற்செலவை ஏற்றினால், இயந்திரம் ஓடிய நேரத்துக்கும் ஏற்றப்பட்ட தொகைக்கும் தொடர்பு இல்லாமல் போய்விடும்.

வீதம் = மதிப்பிடப்பட்ட ஆண்டு மேற்செலவு ÷ இயல்பு இயந்திர மணிகள்

எடுத்துக்காட்டாக, ஐயப்பன்தாங்கலில் இரண்டு சி.என்.சி. கடைசல் இயந்திரங்களும் (லேத்து) ஒரு வி.எம்.சி. இயந்திரமும் கொண்ட கற்பனைப் பட்டறை ஒன்றைக் கொள்ளலாம். நாளொன்றுக்கு 8 மணி வீதம் 300 நாள்கள் என்றால் மூன்று இயந்திரங்களுக்கும் சேர்த்து 7,200 மணிகள் கிடைக்கும். பராமரிப்புக்கும் அமைவு வேலைக்கும் (செட்டிங்) 600 மணிகள் போகும். ஆர்டர்களுக்கு இடையே வழக்கமாக ஏற்படும் இடைவெளிக்கு மேலும் 600 மணிகள் போகும். எஞ்சுவது 6,000 மணிகள். இதுவே இயல்புத் திறன். 7,200 மணிகளால் வகுத்தால் வீதம் குறைவாகத் தெரியும். ஆனால் அந்த மணிகள் ஒருபோதும் விற்கப்படாதவை என்பதால் ஆண்டிறுதியில் குறை ஈர்ப்பு உறுதி.

மேற்செலவு மதிப்பீடு ரூ. 21,00,000 என்க. இதில் வாடகை, தேய்மானம், மேற்பார்வைச் சம்பளம், காப்பீடு முதலிய நிலையான செலவுகள் ரூ. 14,40,000. இயந்திரம் ஓடினால் மட்டுமே ஏற்படும் மின்சாரம், கூலண்ட், கார்பைடு இன்சர்ட் ஆகிய மாறும் செலவுகள் ரூ. 6,60,000. இயந்திர ஓட்டுநர் கூலி நேரடிச் செலவாகத் தனியே கணக்கிடப்படுவதால் இதில் சேரவில்லை. ஆக வீதம் மணிக்கு ரூ. 350, அதில் நிலையான பகுதி ரூ. 240, மாறும் பகுதி ரூ. 110.

இங்கு அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. இயந்திரம் வாங்கிய வங்கிக் கடனின் மாதத் தவணையையும், அதே இயந்திரத்தின் தேய்மானத்தையும் சேர்த்தே மேற்செலவில் எழுதிவிடுவர். தவணையில் உள்ள அசல், இயந்திரத்தின் விலையே. தேய்மானமும் அதே விலையைத்தான் ஆண்டுகளுக்குப் பிரித்துத் தருகிறது. எனவே ஒரே செலவு இருமுறை ஏறுகிறது. தவணையில் உள்ள வட்டி நிதிச் செலவு. அதனை உற்பத்தி மேற்செலவில் சேர்க்காமல் தனியே வைப்பதே கணக்கியல் வழக்கம்.

== ஒரே வீதமும் தனி வீதங்களும் ==

பட்டறை முழுமைக்கும் ஒரே வீதம் வைப்பது எளிது. ஆனால் இயந்திரங்களின் விலையும் மின் நுகர்வும் வேறுபடும்போது அது விலைப்புள்ளியைத் திரித்துவிடும். மேற்கண்ட ரூ. 21,00,000 இல் லேத்துகளுக்கு உரியது ரூ. 12,00,000 (4,000 மணிகள்), வி.எம்.சி.க்கு உரியது ரூ. 9,00,000 (2,000 மணிகள்) என்றால், தனி வீதங்கள் முறையே ரூ. 300, ரூ. 450 ஆகும்.

லேத்தில் 12 நிமிடம் எடுக்கும் ஒரு தண்டுக்கு (ஷாஃப்ட்) மேற்செலவு உண்மையில் ரூ. 60, ஒரே வீதத்தில் ரூ. 70 ஏறுகிறது. வி.எம்.சி.யில் அரை மணி நேரம் எடுக்கும் ஒரு ஹவுசிங்குக்கு ரூ. 225 ஏற வேண்டிய இடத்தில் ரூ. 175 மட்டுமே ஏறுகிறது. விளைவாக, லேத்து வேலைகள் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும், வி.எம்.சி. வேலைகள் வந்து குவியும். வி.எம்.சி.க்கு எப்போதும் வரிசை நிற்க, லேத்துகள் சும்மா நிற்கும் பட்டறையில் முதலில் ஐயுறத்தக்கது இதுவே. கீழேயுள்ள ஆண்டிறுதிக் கணக்கு எளிமைக்காக ஒரே வீதமான ரூ. 350 ஐக் கொண்டு செய்யப்பட்டுள்ளது.

== ஆண்டிறுதியில் குறை ஈர்ப்பு ==

2020–21 நிதியாண்டு இதற்குத் தெளிவான சூழலைத் தருகிறது. 2020 மார்ச் 25 இல் தொடங்கிய நாடு தழுவிய ஊரடங்கும், சூன் 19 முதல் சூலை 5 வரை சென்னையிலும் அதனையொட்டிய பகுதிகளிலும் நடைமுறையில் இருந்த முழு ஊரடங்கும் பட்டறைகளை மூடவைத்தன. வாடகையும் தேய்மானமும் நிற்கவில்லை.

அவ்வாண்டில் எடுத்துக்காட்டுப் பட்டறை ஓடியது 4,800 மணிகள் என்க. ஏற்றப்பட்ட மேற்செலவு 4,800 × 350 = ரூ. 16,80,000. உண்மையான மேற்செலவு ரூ. 20,40,000 (நிலையானது 14,76,000, மாறுவது 5,64,000). குறை ஈர்ப்பு ரூ. 3,60,000.

உரிமையாளர் இதனை இரு விதமாகத் தவறாகப் படிக்கக்கூடும். மதிப்பீடு 21 இலட்சம், செலவு 20.4 இலட்சம், ஆகவே 60,000 மிச்சம் என்பது ஒன்று. 4,800 மணிகளே ஓடிய ஆண்டில் மாறும் செலவு ரூ. 5,28,000 ஆகத்தான் இருந்திருக்க வேண்டும். நிலையான 14,40,000 ஐச் சேர்த்தால் ரூ. 19,68,000. அதனோடு ஒப்பிட்டால் மிச்சம் இல்லை, ரூ. 72,000 கூடுதல் செலவு. குறை ஈர்ப்பு 3,60,000 என்பதால் அவ்வளவும் நட்டம் என்று கொள்வது மற்றொன்று. குறை ஈர்ப்பு என்பது வேலைகளின் மீது ஏறாமல் நின்ற செலவேயன்றி, பட்டறையின் நட்டம் அன்று. விலையில் போதிய இலாபம் வைத்திருந்தால், குறை ஈர்ப்பு இருந்தும் பட்டறை இலாபத்தில் இருக்கலாம்.

== காரணங்களைப் பிரித்தல் ==

ரூ. 3,60,000 இல் இரு பகுதிகள் உள்ளன. 1,200 மணிகள் குறைந்ததால் ஏறாமல் போன நிலையான செலவு 1,200 × 240 = ரூ. 2,88,000. எஞ்சிய ரூ. 72,000 மதிப்பீட்டை மீறிய செலவு. குறைந்த மணிகளுக்கு முழு வீதமான 350 ஐப் பெருக்குவது பிழை. ஓடாத மணிக்கு மின்சாரமும் இன்சர்ட்டும் செலவாகவில்லை.

இனி இயந்திரப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். 1,200 மணிகளில் ஊரடங்கால் 40 வேலை நாள்கள், அதாவது 800 மணிகள் (ரூ. 1,92,000). வி.எம்.சி.யின் ஸ்பிண்டில் பழுதாகி உதிரிபாகத்துக்குக் காத்திருந்தது 150 மணிகள் (ரூ. 36,000). ஆர்டர் இல்லாமல் நின்றது 250 மணிகள் (ரூ. 60,000). கூடுதல் செலவில் ரூ. 36,000 அந்த ஸ்பிண்டில் பழுதுக்கு ஆனது, மற்ற ரூ. 36,000 இன்சர்ட், கூலண்ட் செலவைக் குறைத்து மதிப்பிட்டதால் வந்தது.

== கணக்கில் எழுதும் முறை ==

ஊரடங்கும் ஸ்பிண்டில் முறிவும் இயல்புக்கு மாறானவை. அவற்றுக்குரிய ரூ. 2,64,000 நேரே இலாப நட்டக் கணக்குக்குச் செல்லும். ஆர்டர் குறைவால் ஏறாத ரூ. 60,000 உம் அவ்வாறே. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் கணக்கியல் தரம் 2 நிலையான உற்பத்தி மேற்செலவை இயல்புத் திறனின் அடிப்படையிலேயே சரக்கின் மீது ஏற்றச் சொல்கிறது. உற்பத்தி குறைந்ததற்காகவோ இயந்திரம் சும்மா நின்றதற்காகவோ ஒவ்வொரு பொருளின் மீதும் கூடுதலாக ஏற்றக் கூடாது.

எஞ்சுவது மதிப்பீட்டுப் பிழையால் வந்த ரூ. 36,000. இது உண்மையில் செய்த வேலைகளுக்கே உரிய செலவு. எனவே துணை வீதம் கொண்டு பகிரலாம்: 36,000 ÷ 4,800 = மணிக்கு ரூ. 7.50. விற்று முடிந்த வேலைகளில் 4,400 மணிகளும், ஆண்டிறுதி இருப்பில் 400 மணிகளும் இருந்தால், முறையே ரூ. 33,000, ரூ. 3,000 ஏறும். மூவாயிரம் ரூபாய்க்காக இருப்பு மதிப்பைத் திருத்துவது சிறு பட்டறைக்குத் தேவையில்லாத உழைப்பு. முழுவதையும் இலாப நட்டக் கணக்கில் எழுதினாலும் பெரிய வேறுபாடு இராது. இருப்பு பெரிதாக இருந்தால் மட்டுமே துணை வீதம் பயன் தரும்.

துணை வீதம் என்ற கருத்தை அலெக்சாண்டர் அமில்டன் சர்ச் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயந்திர வீதத்தோடு சேர்த்து முன்வைத்தார். என்றி காண்ட் 1915 இல் இதற்கு மாறாக வாதிட்டார்: சும்மா நின்ற இயந்திரத்தின் செலவு, செய்யப்பட்ட பொருளின் செலவு ஆகாது. மேலே 3,24,000 இலாப நட்டக் கணக்குக்கும் 36,000 வேலைகளுக்கும் பிரிந்ததில் இருவர் கருத்துக்கும் இடமிருக்கிறது.

== அடுத்த ஆண்டுக்கான வீதம் ==

குறை ஈர்ப்பைக் கண்டதும் உண்மைச் செலவை உண்மை மணிகளால் வகுத்து, 20,40,000 ÷ 4,800 = ரூ. 425 என்று புதிய வீதம் வைப்பவர்கள் உண்டு. 12 நிமிடத் தண்டுக்கு மேற்செலவு ரூ. 70 இலிருந்து ரூ. 85 ஆகிவிடும். வாடிக்கையாளர் வேறு பட்டறையைத் தேடுவார். மணிகள் இன்னும் குறையும். அடுத்த ஆண்டு வீதம் மேலும் உயரும். மேலே பிரித்த காரணங்களின்படி திருத்த வேண்டியது இன்சர்ட், கூலண்ட் மதிப்பீடு மட்டுமே. மாறும் பகுதி 117.50, நிலையான பகுதி 240, ஆக வீதம் ரூ. 357.50. ஆர்டர் குறைவு இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்தால் மட்டுமே இயல்புத் திறனைக் குறைத்துக் கணிக்க வேண்டும். அப்போதும், ஓர் இயந்திரத்தை விற்றுவிடலாமா என்பதே முதலில் கேட்கத்தக்க கேள்வி.

இவை யாவும் பதிவேட்டில் உள்ள மணிகள் சரியானவை என்ற அடிப்படையில் அமைந்தவை. கழிவான பொருளை மீண்டும் செய்த நேரமும் ஓடிய மணியாக எழுதப்பட்டால், கணக்கில் மேற்செலவு ஏறியிருக்கும். ஆனால் அந்த நேரத்துக்கு வாடிக்கையாளர் பணம் தரமாட்டார். குறை ஈர்ப்பு சிறிதாகத் தெரிய, கையில் பணம் இராது. இதனைக் கண்டுபிடிக்க, அனுப்பப்பட்ட நல்ல பொருள்களின் எண்ணிக்கையை ஒன்றுக்கு ஆகும் நேரத்தால் பெருக்கி, பதிவேட்டு மணிகளோடு மாதந்தோறும் ஒப்பிடுவர். 400 மணி எழுதப்பட்ட மாதத்தில் அப்பெருக்கம் 350 மட்டுமே வந்தால், மற்ற 50 மணிகள் எங்கே போயின என்பதை ஆண்டிறுதி வரை காத்திராமல் அப்போதே ஓட்டுநரிடம் கேட்டறிய இயலும்.