1672: லம்பார்டு தெருவும் ஆம்ஸ்டர்டாம் வங்கியும்

1672 ஜனவரியில் லண்டனில், அரசரின் கருவூலம் தான் பட்ட கடன்களைத் திருப்பித் தருவதை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூனில், பிரெஞ்சுப் படைகள் நெருங்கி வந்தபோது, ஆம்ஸ்டர்டாம் நகர வங்கியின் முன் பணம் போட்டவர்கள் திரண்டார்கள். லண்டனில் கேட்டவர்களுக்குக் காசு கிடைக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் கேட்டவர்கள் அனைவருக்கும் கிடைத்தது. இவை தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல. டச்சுக்காரர்கள் மேல் போர் தொடுக்கக் கப்பற்படையைத் தயார் செய்யவே இரண்டாம் சார்லஸ் கருவூலத்தின் வாயை அடைத்தார். அந்தப் போரின் மறுமுனையில்தான் ஆம்ஸ்டர்டாம் வங்கியின் வாசலில் கூட்டம் கூடியது. வைப்புத்தொகையை நடத்தும் இரு முறைகளை ஒரே புயல் ஒரே ஆண்டில் சோதித்துப் பார்த்தது.

1609-இல் ஆம்ஸ்டர்டாம் நகரம் தொடங்கிய வங்கியில், வணிகர் கொண்டுவரும் நாணயத்தை மதிப்பிட்டு அவர் பேரில் வரவு வைப்பார்கள். 600 கில்டருக்கு மேற்பட்ட மாற்றுச்சீட்டுகள் அந்தக் கணக்குகளின் வழியாகவே தீர்க்கப்பட வேண்டும் என்பது நகரத்தின் சட்டம். போட்ட உலோகம் பெட்டகத்தில் கிடக்கும். அதன் மேல் உள்ள உரிமை மட்டும் ஏட்டில் கைமாறும். லண்டன் லம்பார்டு தெருவின் பொற்கொல்லர்களோ அரசு அமைத்த நிறுவனம் அல்ல. பாதுகாப்புக்காக ஒப்படைக்கப்பட்ட காசுக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்பதில்லை என்று கண்டதும், ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியைக் கடனாகக் கொடுத்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் வைப்பாளர் வங்கிக்குக் கட்டணம் செலுத்தினார். லண்டனில் பொற்கொல்லர் வைப்பாளருக்கு வட்டி தந்தார். எந்த ஊரில் பணம் வேலைக்குப் போகிறது என்பதை இந்த ஒரு வேறுபாடே சொல்லிவிடுகிறது.

பண அளிப்பில் இதன் விளைவைக் காண, இரு ஊர்களிலும் 1,000 நாணயங்களைப் போட்டுப் பார்ப்போம். ஆம்ஸ்டர்டாமில் 1,000 பெட்டகத்துக்குள் போகிறது, ஏட்டில் 1,000 தோன்றுகிறது. ஊரில் புழங்கும் பணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லண்டனில் பொற்கொல்லர் கால் பங்கான 250-ஐ வைத்துக்கொண்டு 750-ஐ ஒரு வணிகருக்குக் கடன் தருகிறார். வணிகர் அதை மரம் விற்றவரிடம் கொடுக்க, அவர் தம்முடைய பொற்கொல்லரிடம் போட்டு வைக்கிறார். முதல் வைப்பாளரின் 1,000 அப்படியே இருக்க, புதிதாக 750 வைப்பு பிறந்துவிட்டது. இரண்டாம் பொற்கொல்லரும் கால் பங்கை ஒதுக்கி 562 சொச்சத்தைக் கடனாகத் தருகிறார். அதுவும் எங்கோ வைப்பாகத் திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தொகை சிறுத்துக்கொண்டே போய், மொத்த வைப்பு 4,000-ஐ எட்டும்போது சுற்று ஓய்கிறது.

அந்த ஓய்வு நிலையில் ஓர் எதிர்பாராத ஒற்றுமை தெரிகிறது. லண்டனிலும் இப்போது 1,000 நாணயங்கள் முழுவதும் பொற்கொல்லர்களின் பெட்டிகளுக்குள்தான் இருக்கின்றன, ஏனென்றால் 4,000-இன் கால் பங்கு 1,000. இரு ஊர்களிலும் உலோகம் உறங்குகிறது, ஏட்டுப் பணமே நடமாடுகிறது. ஒரே அளவு உலோகத்தின் மேல் ஆம்ஸ்டர்டாமில் 1,000-க்கு உரிமை நிற்கிறது, லண்டனில் 4,000-க்கு. இடைப்பட்ட 3,000-க்கு ஈடாக நிற்பவை கடன்காரர்களின் கையெழுத்துகள். அவர்கள் கடனை அடைத்து, மறுகடன் எழாவிட்டால், அந்த 3,000 வந்த வழியே மறைந்தும் போகும்.

நடைமுறை இந்தக் கணக்கைப் போல் ஒழுங்காக இருந்ததில்லை. சில நாணயங்கள் மடியிலேயே தங்கிவிட, பெருக்கம் 4,000-க்குக் கீழேயே நிற்கும். பொற்கொல்லர் நாணயத்தைத் தராமல் தம் சீட்டையே கடனாக எழுதித் தருவதும் உண்டு. அப்போது வைப்பு வந்தபின் கடன் என்ற வரிசை மாறி, கடனும் வைப்பும் ஒரே பேனாக்கீற்றில் பிறக்கின்றன. எனினும் எல்லை நீங்கிவிடுவதில்லை. அந்தச் சீட்டு வேறொரு பொற்கொல்லரிடம் போய்ச் சேரும். அவர் அதற்குக் காசு கேட்பார். எட்வர்ட் பேக்வெல் என்பவரின் பேரேடுகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் மற்றப் பொற்கொல்லர்களுக்கும் கணக்குகள் உள்ளன: ஒருவர் சீட்டை மற்றவர் ஏற்று, நேர் செய்து, மிச்சத்துக்கு மட்டும் காசு கொடுத்துத் தீர்த்தார்கள். தனியாக மிகையாகக் கடன் கொடுத்தவரின் பெட்டி விரைவில் காலியாகும். எல்லாரும் சேர்ந்து கொடுத்தால் ஒருவர் பெட்டியும் குறையாது. ஆபத்து யார் கண்ணிலும் படாது.

1672-இல் அது கண்ணில் பட்டது. பொற்கொல்லர்கள் அரசருக்குக் கொடுத்து, திருப்பித் தருவது நிறுத்தப்பட்ட கடன் ஏறத்தாழ 13 லட்சம் பவுண்டு. ராபர்ட் வைனர் என்ற பொற்கொல்லருக்கு மட்டும் 4 லட்சத்துக்கு மேல் வரவேண்டியிருந்தது; பேக்வெல்லுக்கு 3 லட்சத்துக்குச் சற்றே குறைவு. பெட்டியில் இருந்த நாணயத்தை யாரும் கொள்ளையடிக்கவில்லை. ஈடாக நின்ற கையெழுத்து, அதுவும் அரசருடைய கையெழுத்து, செல்லாமல் போனது. 1680-களில் இருவருமே திவாலானார்கள். ஆம்ஸ்டர்டாமிலோ, முன்பு நகரமன்றத்தில் மூண்ட தீயில் கருகிய தடம் உள்ள நாணயங்கள்கூட அன்று வெளியே வந்தன என்று ஆடம் ஸ்மித் எழுதுகிறார். முழு உலோகம் வைத்த முறை வென்றது, பகுதி வைத்த முறை தோற்றது என்று இங்கேயே தீர்ப்பு எழுதிவிடத் தோன்றும்.

ஆனால் நூறாண்டு தள்ளிப் பார்க்க வேண்டும். புழங்கும் ஒவ்வொரு வங்கிக் கில்டருக்கும் பெட்டகத்தில் ஒரு கில்டர் உலோகம் உண்டு என்ற பொதுநம்பிக்கையை ஸ்மித் 1776-இல் பதிவு செய்தார். 1780-இல் மீண்டும் இங்கிலாந்தோடு போர் மூண்டது. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்களை இழந்தது. 1781-இல் நம் நாகப்பட்டினத்தையும் ஆங்கிலேயரிடம் இழந்தது. பணமுடையில் தவித்த அந்தக் கம்பெனிக்கு நகர வங்கி மறைவாகக் கடன் கொடுத்தது. கொடுத்த விதம் எளிது: ஓர் உலோகத் துண்டும் உள்ளே வராமல், கம்பெனியின் பேரில் ஒரு வரவு. லம்பார்டு தெருவில் நடந்ததும் இதே செயல்தான். அங்கே வைப்பாளருக்கு அது தெரியும், அதற்காக வட்டியும் வாங்கினார். இங்கே அவருக்குத் தெரியாது, வட்டியும் இல்லை. இந்த ஒப்பீட்டில் என்னைப் பெரிதும் உறுத்துவது இந்த மறைவுதான்.

ஆம்ஸ்டர்டாமில் நோயைக் காட்டும் கருவியாவது ஒன்று இருந்தது. வங்கிக் கில்டருக்குப் புழக்க நாணயத்தை விடச் சந்தையில் வழக்கமாக 4 முதல் 5 விழுக்காடு வட்டம் கூடுதலாகக் கிடைக்கும். 1790 வாக்கில் அந்த வட்டம் சுழிக்குக் கீழே இறங்கியது. அதாவது, ஏட்டில் உள்ளதைவிடக் கையில் உள்ளதே மேல் என்று சந்தை சொல்லத் தொடங்கியது. லண்டன் சீட்டுகளுக்கு இப்படி ஒரு தினசரி அளவுகோல் இல்லை. மக்கள் ஓடி வந்து கேட்கும் நாளில்தான் உண்மை தெரியும்.

ஆகவே இரு ஊர்களின் முறைகளையும் வீழ்த்தியது இருப்பு விகிதம் மட்டும் அல்ல என்றே நான் கருதுகிறேன். வைனரும் பேக்வெல்லும் அரசரை நம்பினார்கள். ஆம்ஸ்டர்டாம் கம்பெனியை நம்பியது. இரண்டுமே பெருந்தொகையை ஒரே இடத்தில் குவித்த கடன்கள். இரண்டிலும் கடன்காரரின் பக்கம் ஆட்சியே நின்றது, வழக்குப் போட்டு எளிதில் பிடுங்க முடியாது. கால் பங்கு இருப்பு வைத்தவர் பலருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் ஒருவர் தவறினாலும் தாங்கியிருப்பார். நிறைய உலோகம் வைத்திருந்த வங்கி ஒரே கடனால் நம்பிக்கையை இழந்தது.

ஆம்ஸ்டர்டாம் வங்கி 1819-இல் மூடப்பட்டது. லண்டனில், கருவூலம் அடைக்கப்பட்ட அதே 1672-இல், ரிச்சர்ட் ஹோர் என்ற பொற்கொல்லர் தொழில் தொடங்கினார். பகுதி இருப்பு வைத்து மீதியைக் கடன் கொடுக்கும் அவருடைய வங்கி ஃப்ளீட் தெருவில் இன்றும் நடக்கிறது.