சாந்தி ஓடிய இரண்டு சுற்று

பதினொன்றாம் வகுப்பு படிக்கிற என் தம்பி பேத்திக்குப் பள்ளியில் "விளையாட்டும் சமூகமும்" என்று ஒரு ஒப்படைப்பு கொடுத்திருக்கிறார்கள். "யார் விளையாடலாம் என்று யார் முடிவு பண்றாங்க, ஆத்தா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

800 மீட்டர் ஓட்டம் என்றால் தடத்தில் இரண்டு சுற்று. கோவை நேரு ஸ்டேடியத்துக்கு என்னோடு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். முதல் சுற்றில் எல்லாரும் ஒரு கும்பலாகப் போவார்கள், இரண்டாவது சுற்றின் கடைசி வளைவில்தான் யாரிடம் மூச்சு மிச்சம் இருக்கிறது என்று தெரியும். இந்த இரண்டு சுற்றைப் பெண்கள் ஓடலாமா என்பதே ஒரு காலத்தில் தகராறு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களை ஓடவிட்டார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே ஜெயித்தார். ஓடி முடித்த சிலர் களைத்துச் சாய்ந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. பெண் உடம்பு தாங்காது என்று சொல்லிப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960இல், ரோமில். காட்டு வேலையில் நாளெல்லாம் குனிந்து நிமிரும் நம் ஊர்ப் பெண்களை அந்தப் பெரிய மனுஷர்கள் பார்த்ததில்லை போல.

அதே 800 மீட்டரில்தான் நம் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தியின் வாழ்க்கை திசை மாறியது. சாந்தி சௌந்தரராஜன், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. தாழ்த்தப்பட்ட வகுப்பு. அப்பா அம்மா செங்கல் சூளைக் கூலிகள். அவர்கள் வேலைக்குப் போனால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது மூத்த பிள்ளையான சாந்திதான். ஓடச் சொல்லிக்கொடுத்தது தாத்தா. குடிசைக்கு வெளியே இருந்த வெற்று மண் தரைதான் மைதானம். ஷூ வாங்கிக்கொடுத்ததும் அவரே. பள்ளிப் போட்டிகளில் கோப்பைகள் வரத் தொடங்கியதும் ஓர் உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர் கண்ணில் பட்டார். பள்ளி கட்டணத்தையும் சீருடையையும் ஏற்றுக்கொண்டு மதியச் சாப்பாடும் போட்டது. மூன்று வேளை சாப்பிட்டது அப்போதுதான் முதல் தடவை.

இந்த இடத்தில் பேத்தியை நிறுத்தி யோசிக்கச் சொன்னேன். வாய்ப்பு என்று புத்தகத்தில் ஒரு வார்த்தையில் எழுதிவிடுகிறோம். அதைப் பிரித்துப் பார்த்தால் ஒரு தாத்தா, ஒரு ஜோடி ஷூ, ஒரு வேளைச் சோறு. எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் பையன்களை முந்தி ஓடிய பெண்பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் மைதானத்துப் பக்கமே வரமாட்டார்கள். வயதுக்கு வந்துவிட்டாள், அரை டவுசர் போடக்கூடாது, சாயங்காலம் தறி வேலை இருக்கிறது என்று ஆளுக்கொரு காரணம். அதையெல்லாம் தாண்டி வந்தவர் சாந்தி என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2005இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பர், தோகா ஆசிய விளையாட்டில் மறுபடியும் வெள்ளி, நேரம் 2 நிமிடம் 3.16 நொடி. சில நாட்களில் பாலினச் சோதனையில் தேறவில்லை என்று செய்தி வந்தது. பதக்கத்தைப் பறித்தார்கள். விவரத்தைச் சாந்தி தெரிந்துகொண்டது தொலைக்காட்சியில்.

அது என்ன சோதனை? 1966இல் ஐரோப்பியப் போட்டிக்கு வந்த பெண்களை மருத்துவர்கள் முன் ஆடையில்லாமல் நிறுத்திப் பார்த்தார்கள். அவமானம் என்று எதிர்ப்பு வந்ததும் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கிலிருந்து குரோமோசோம் சோதனைக்கு மாறினார்கள். ஆனால் மனித உடம்பு எப்போதும் இரண்டே கட்டத்தில் அடங்குவதில்லை. ஸ்பெயினின் மரியா ஹோசே மார்த்தினெஸ் பத்தின்யோ பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வளர்ந்தவர். 1985இல் சோதனையில் அவருக்கு ஒய் குரோமோசோம் இருப்பது தெரிந்தது. அவர் உடம்போ டெஸ்டோஸ்டீரோனை ஏற்காத உடம்பு, அதனால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. போராடி 1988இல் திரும்ப உரிமை வாங்கினார். இப்படிப்பட்ட குழப்பங்களால் 1999இல் ஒலிம்பிக் கமிட்டி எல்லாருக்குமான சோதனையைக் கைவிட்டது. அதன்பின் சந்தேகம் வந்தவர்களை மட்டும் சோதிப்பது வழக்கமானது. தோகா நடந்தது இந்தக் காலத்தில்தான். சந்தேகம் யார் மேல் விழும்? முகத்தைப் பார்த்து, தோளைப் பார்த்து, குரலைக் கேட்டு.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். பெண்களுக்குத் தனிப் பிரிவு காரணமில்லாமல் வரவில்லை. 800 மீட்டர் உலக சாதனை ஆண்களுக்கு 1:40.91, பெண்களுக்கு 1:53.28. அந்த இடைவெளியை எந்தப் பயிற்சியாலும் மூட முடியாது. எல்லை எங்கே என்று ஒரு விதி தேவைதான். ஆனால் சாந்தியின் நேரம் பெண்கள் சாதனையைவிடச் சுமார் பத்து நொடி பின்னால்தான் இருந்தது. விதி வேண்டும் என்பது ஒன்று, ஒரு பெண்ணின் உடம்பை ஊர் முழுக்க ஏலம் விடுவது வேறு.

ஊருக்குத் திரும்பிய சாந்தி 2007இல் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்திருந்தார். அதை வைத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். பணம் தீர்ந்தது. 2012இல் பெற்றோர் வேலை பார்த்த அதே மாதிரிச் சூளையில் நாளுக்கு 200 ரூபாய் கூலிக்குச் செங்கல் சுமந்தார். அந்தச் செய்தி வெளியான பிறகே அரசுகள் திரும்பிப் பார்த்தன. பயிற்சியாளர் பட்டயம் படித்தார். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது.

இப்போது 2014க்கு வாருங்கள். ஒடிசாவில் நெசவாளர் வீட்டுப் பெண் டூட்டி சந்த், வயது 18. டெஸ்டோஸ்டீரோன் அதிகம் என்று காமன்வெல்த் போட்டிக்குச் சில நாள் முன்பு பெயரை எடுத்தார்கள். அவரும் ஏழைதான். ஆனால் இந்தத் தடவை பாயோஷ்ணி மித்ரா என்ற ஆய்வாளர் கூட நின்றார், இந்திய விளையாட்டு ஆணையம் பின்னால் நின்றது, கனடா நாட்டு வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வாதாடினார்கள். சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் 2015 ஜூலையில் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. அதிக டெஸ்டோஸ்டீரோன் எவ்வளவு லாபம் தருகிறது என்பதைச் சர்வதேசத் தடகளச் சங்கத்தால் போதுமான அளவு நிரூபிக்க முடியவில்லை என்பது காரணம். டூட்டி 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார், 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வாங்கினார்.

இருவர் கதைக்கும் நடுவே எட்டு வருஷம். சாந்திக்காக யாரும் அந்த மன்றத்துக்குப் போகவில்லை. அவர் பதக்கம் இன்றுவரை திரும்பவில்லை. பணம் இல்லாதவர் ஓட வருவதற்கே கஷ்டப்படுகிறார் என்று நாம் சொல்கிறோம், அது பாதிதான். வெளியே தள்ளும்போது எதிர்த்துக் கேட்கவும் பணம் வேண்டும், விவரம் தெரிந்த ஆள் வேண்டும்.

விஷயம் முடிந்துவிடவில்லை. 2018இல் வந்த புதிய விதி 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையான ஓட்டங்களை மட்டும் பிடித்தது. டூட்டியின் 100 மீட்டர் தப்பியது, சாந்தியின் 800 அதற்குள் வந்தது. 2025 செப்டம்பரிலிருந்து உலகப் போட்டிகளுக்கு வரும் எல்லாப் பெண்களுக்கும் ஒரு தடவை மரபணுச் சோதனை. 1999இல் கைவிட்டது வேறு உருவில் வந்திருக்கிறது.

உங்களில் சிலர் இப்போது பி.டி. ஆசிரியர்கள். உங்கள் பிள்ளை ஒருத்திக்கு இப்படி ஒரு அழைப்பு வந்தால் பெற்றோரையோ நம்பிக்கையான பெண் ஒருவரையோ கூட வைத்துக்கொள்ளாமல் அனுப்பாதீர்கள். எதற்கான சோதனை என்று தமிழில் விளக்கிய பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். முடிவை எழுத்தில் அவள் கையில் வாங்கி, வேறொரு மருத்துவரிடம் காட்டுங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு, தேதியை முதல் நாளே குறித்துவையுங்கள். பத்திரிகைக்காரர் போன் பண்ணினால் எடுக்காதீர்கள்.