மூன்று படிகளும் பதினான்கு துண்டுகளும்: ஒரு சேமிப்பு விவாதத்தின் வரலாறு

பரவல் கணினியியல் பாடத்தில் ஒரு செய்தியை ஒற்றை வரியில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம்: தரவை மூன்று முழுப் படிகளாக வைப்பதைவிட எரேஷர் கோடிங் முறையில் குறியீடாக்கி வைப்பது சிக்கனமானது. இக்கூற்று பிழையன்று. ஆயினும் அதை அப்படியே ஏற்பவருக்கு, 2002ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டப்பட்ட இந்த ஆதாயத்தைத் தொழில்துறை ஏன் உடனே கைக்கொள்ளவில்லை என்பது விளங்காது. அதற்கான விடை, இழந்த துண்டைத் திரும்ப உண்டாக்கும் செலவில் இருக்கிறது.

கணிதம் பழையது. எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இர்விங் ரீடும் கஸ்டாவ் சாலமனும் 1960இல் வெளியிட்ட கட்டுரையின் கருத்தை இவ்வாறு சொல்லலாம். பத்து எண்கள் கையில் இருந்தால், அவற்றின் வழியே செல்லும் ஒன்பதாம் படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்றே ஒன்றுதான். அதை மேலும் நான்கு புள்ளிகளில் மதிப்பிட்டு, பதினான்கு மதிப்புகளாகச் சேமிக்கலாம். அவற்றுள் எந்த நான்கு அழிந்தாலும் எஞ்சிய பத்தைக் கொண்டு கோவையை மீட்டுவிடலாம். ஆனால் ஒன்பது மட்டுமே கிடைத்தால் ஒன்றும் செய்ய இயலாது. இந்தப் பிற்பகுதியைப் பலரும் கவனிப்பதில்லை. பின்னர் எழுந்த தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

பெர்க்லியில் ஹக்கிம் வெதர்ஸ்பூனும் ஜான் குபியாட்டோவிச்சும் 2002இல் இரு முறைகளையும் அளவிட்டு ஒப்பிட்டனர். பத்து இலட்சம் கணினிகளில் எந்நேரமும் பத்து விழுக்காடு செயலிழந்திருப்பதாகக் கொள்வோம். இரண்டு படிகள் வைத்தால் தரவு கிடைக்கும் வாய்ப்பு 0.99. அதே இடத்தை எடுத்துக்கொண்டு, எந்தப் பதினாறு இருந்தாலும் போதும் என்றவாறு 32 துண்டுகளாக்கினால், தசமப் புள்ளிக்குப் பின் எட்டு ஒன்பதுகள் வருகின்றன. கணக்கு சரியானது. ஆனால் கணினிகள் ஒன்றையொன்று சாராமல் செயலிழக்கும் என்ற எடுகோளின் மேல் அது நிற்கிறது. ஒரே மின்னிணைப்பில் உள்ள ஓர் அடுக்கு முழுவதும் ஒருசேர நின்றுபோவதே தரவு மையங்களின் நடைமுறை.

மூன்றே ஆண்டுகளில், 2005இல், ரோட்ரிகோ ரோட்ரிகஸும் பார்பரா லிஸ்கோவும் மறுவாதம் வைத்தனர். கணினிகள் பெரும்பாலும் நிலைத்து இயங்கும் சூழலில் குறியீட்டால் கிடைக்கும் மிச்சம் சிறியது; அதற்காக ஏற்கும் சிக்கலோ பெரியது என்றனர். இதற்கிடையே, 2003இல் வெளியான கூகிள் கோப்பு முறைமை இயல்பாகவே மூன்று படிகளை வைத்தது. அதன் வழி வந்த ஹடூப்பும் அவ்வாறே செய்தது. வன்தட்டின் விலை வீழ்ந்துகொண்டிருந்த அக்காலத்தில் இதைச் சோம்பல் என்று சொல்ல நான் தயங்குவேன். ஒரு படி தொலைந்தால் இன்னொன்றைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்ற எளிமைக்கும் ஒரு மதிப்பு உண்டு.

தரவு பல பெட்டாபைட்டுகளாகப் பெருகியபோது நிலைமை மாறியது. ஃபேஸ்புக் நிறுவனம் தன் கிடங்குத் தொகுதியில், அரிதாகப் படிக்கப்படும் தரவைப் பத்துக்கு நான்கு என்ற ரீட்-சாலமன் முறைக்கு மாற்றியது. ஒரு தொகுப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 256 எம்.பி. கொண்ட பத்துத் துண்டுகள், ஆக 2,560 எம்.பி. மூன்று படிகளாக வைத்தால் 7,680 எம்.பி. தேவை, இரண்டு இழப்புகளைத் தாங்கும். குறியீடாக்கினால் 3,584 எம்.பி. போதும்; நான்கு இழப்புகளைத் தாங்கும். பாதிக்கும் குறைவான இடத்தில் இருமடங்குக் காப்பு!

இப்போது ஒரே ஒரு துண்டு போகட்டும். படிகள் இருந்தால் 256 எம்.பி.யைப் படித்து எழுதினால் வேலை முடிந்தது. குறியீட்டில், முன்பு சொன்னவாறு, ஒன்பது துண்டுகளால் பயனில்லை. பத்தையும் கொணர வேண்டும். 256 எம்.பி.யை மீட்க 2,560 எம்.பி. வலையமைப்பில் பயணிக்கிறது. பதினான்கு துண்டுகளும் காப்பின் பொருட்டு வெவ்வேறு அடுக்குகளில் வைக்கப்பட்டிருப்பதால், இப்பயணம் முழுவதும் அடுக்குகளுக்கு இடைப்பட்ட இணைப்புகளின் வழியே நிகழ்கிறது. தொகுதியில் மிக நெருக்கடியான இணைப்புகள் அவையே.

இது எவ்வளவு பெரிய சுமை என்பதை ரஷ்மி, நிஹார் ஷா, கண்ணன் ராமச்சந்திரன் முதலியோர் ஃபேஸ்புக் பொறியாளர்களுடன் சேர்ந்து அளந்து 2013இல் வெளியிட்டனர். பதினைந்து நிமிடங்களுக்கு மேல் பதிலளிக்காத கணினிகள் ஒரு நாளில் ஐம்பதுக்கும் மேல். மீட்புக்காக மட்டும் அடுக்குகளைக் கடந்த தரவு நாளொன்றுக்கு 180 டெராபைட். இரண்டும் இடைநிலை மதிப்புகள். இவற்றினும் முக்கியமாக எனக்குப் படுவது வேறோர் எண்: துண்டு இழந்த தொகுப்புகளுள் 98 விழுக்காட்டில் இழந்தது ஒன்றே ஒன்றுதான். நான்கு இழப்புகளுக்கென வடிவமைத்த முறை, அன்றாடம் ஓர் இழப்புக்கே பத்து மடங்கு கூலி கொடுத்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டில் வந்த இன்னொரு கட்டுரை, அத்தொகுதியின் தரவில் பாதியை இம்முறைக்கு மாற்றினாலே மீட்புப் போக்குவரத்து இணைப்புகளை முழுவதும் நிரப்பிவிடும் என மதிப்பிட்டது.

இதற்கு இருவகைத் தீர்வுகள் எழுந்தன. மைக்ரோசாஃப்டின் அஷூர் குழு 2012இல் தந்தது முதலாவது. பன்னிரண்டு துண்டுகளை ஆறு ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் உள்ளூர்ச் சரிபார்ப்புத் துண்டையும், இருகுழுவுக்கும் பொதுவாக இரண்டையும் சேர்த்தனர். ஆக, பதினாறு. ஒரு தரவுத் துண்டு போனால் அதன் குழுவில் எஞ்சிய ஆறைப் படித்தால் போதும். இதற்கு அவர்கள் விட்டுக்கொடுத்தது காப்பின் முழுமையை. அதே பதினாறு துண்டு ரீட்-சாலமன் எந்த நான்கு இழப்பையும் தாங்கும். இது எந்த மூன்றையும் தாங்கும், நான்கில் ஏறத்தாழ 86 விழுக்காட்டு நிலைகளை மட்டுமே தாங்கும். பயன் அறிந்து செய்த பேரம் இது.

இரண்டாவது, காப்பில் எதையும் விட்டுக்கொடாத வழி. அலெக்சாண்ட்ரோஸ் டிமாக்கிஸ் முதலியோர் வகுத்த கோட்பாட்டின்படி, பத்துப் பேரிடம் முழுத் துண்டைக் கேட்பதற்கு மாறாக, எஞ்சிய பதின்மூன்று பேரிடமும் கால் பங்கு மட்டும் கேட்டு மீட்க இயலும். அதாவது 13 × 64 = 832 எம்.பி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி. விஜய் குமாரின் குழு இத்துறையில் தொடர்ந்து உழைத்தது. 2011இல் அவர்கள் அளித்த இவ்வகைக் கட்டமைப்பு, சேமிப்பு ஏறத்தாழ இருமடங்காகும் இடங்களுக்கே பொருந்தியது; பத்துக்கு நான்கு என்ற சிக்கனத்துக்கு எட்டவில்லை. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தாருடனும் பிறருடனும் சேர்ந்து 2018இல் அவர்கள் வெளியிட்ட ‘கிளே’ குறியீடு அத்தடையைத் தாண்டியது. செஃப் சேமிப்பு மென்பொருளிலும் இடம்பெற்றது.

இதற்கும் ஒரு விலை உண்டு. நம் எடுத்துக்காட்டில் ஒவ்வொரு துண்டும் 256 நுண்பகுதிகளாகப் பிரிகிறது. அவற்றுள் 64 மட்டும் படிக்கப்படும். துண்டு 256 எம்.பி. என்றால் நுண்பகுதி 1 எம்.பி.; வன்தட்டு அதைச் சிரமமின்றிப் படிக்கும். துண்டு 4 எம்.பி.யாக இருந்தால் நுண்பகுதி 16 கே.பி.தான். அவை சிதறிக் கிடக்கும்போது வலையமைப்பில் மிச்சமானதை வன்தட்டின் தேடல் நேரம் விழுங்கிவிடுகிறது.

சிறிய கோப்புகளின் தொல்லை இத்துடன் முடியவில்லை. ஆய்வு மாணவர்கள் அடிக்கடி இடறும் இடம் என்பதால் இதையும் குறிப்பிடுகிறேன். 2017இல் வந்த ஹடூப் 3.0இன் இயல்பு முறையான `RS-6-3-1024k`, கோப்பை 1 எம்.பி. அறைகளாக வெட்டி ஆறு துண்டுகளில் பரப்பி, மூன்று சரிபார்ப்புத் துண்டுகளைச் சேர்க்கிறது. பெரிய கோப்புக்கு இது ஒன்றரை மடங்கு இடமே எடுக்கும். ஆனால் கோப்பே 1 எம்.பி.தான் என்றால் தரவுத் துண்டு ஒன்றுதான் உண்டாகும். சரிபார்ப்புத் துண்டுகளோ அப்போதும் மூன்று. ஆக நான்கு எம்.பி. ஆகிறது, மூன்று படிகளைவிட அதிகம். இலட்சக்கணக்கான சிறு படங்களைக் கொண்ட தரவுத்தொகுதியை இம்முறையிலுள்ள கோப்புறைக்கு மாற்றிவிட்டு, இடம் ஏன் கூடியது என்று வியப்பவர்கள் முதலில் தங்கள் கோப்புகளின் சராசரி அளவைப் பார்க்கட்டும்.