மரபுரிமையும் அட்டவணையும்

நார்வேயில் உருவான சிமுலா 67 மொழியில், ஒரு வகுப்பின் பண்புகளை இன்னொரு வகுப்பு மரபுரிமையாகப் பெற முடிந்தது. 1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் வெளியிட்ட உறவுநிலைத் தரவுத்தள மாதிரியில் மரபுரிமை கிடையாது. வரிசைகளும் நிரல்களுமே உண்டு. பின்னாளில் இரண்டையும் ஒரே மென்பொருளில் இணைத்தவர்களுக்கு இது தலைவலியானது.

‘கட்டணம்’ என்னும் தாய் வகுப்புக்குக் ‘காசோலை’, ‘அட்டை’ எனச் சேய் வகுப்புகள் இரண்டு இருப்பதாகக் கொள்வோம். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் வைத்தால், அட்டைக்குரிய வரிசைகளில் காசோலை எண் வெற்றாக இருக்கும். எனவே அந்த நிரலுக்கு `NOT NULL` விதிக்க இயலாது. எண்ணே இல்லாத காசோலையும் தடையின்றிப் பதிவாகிவிடும். தனியாக ஒரு `CHECK` விதி எழுதித்தான் அதைத் தடுக்க வேண்டும், பலர் எழுதுவதில்லை.

வகுப்புக்கு ஓர் அட்டவணை அமைத்தால் `NOT NULL` விதிக்கலாம். ஆனால் ஒரு காசோலையை முழுமையாகப் படிக்க இரண்டு அட்டவணைகளை இணைக்க வேண்டும். தாய்க்கு அட்டவணையே வைக்காமல், சேய் அட்டவணைகளில் எல்லா நிரல்களையும் வைப்பது மூன்றாம் வழி. அப்போது ரசீது அட்டவணையின் ஓர் அயல் திறவுகோல் இரண்டு அட்டவணைகளையும் சுட்ட முடியாது.

மார்ட்டின் ஃபவுலர் 2002இல் வெளியிட்ட நூலில் இம்மூன்று வழிகளுக்கும் பெயரிட்டார். ஜாவாவுக்காக 2006இல் வந்த ஜேபிஏ தரம், நிரலர் எதையும் குறிப்பிடாவிட்டால் முதல் வழியையே எடுத்துக்கொள்கிறது.