அழிந்தவை மீளும் வழி: ஆடும் இணைப்புகளின் வரலாறு

1958ஆம் ஆண்டில், பின்னாளில் அளவையியலிற் பெயர்பெற்ற டானா ஸ்கொட், பிரின்ஸ்டனில் இருந்த மேனியாக் என்னும் கணனிக்கு ஒரு புதிரைக் கொடுத்தார். ஐந்து சதுரங்களை ஒட்டிப் பெறப்படும் உருவங்கள் பன்னிரண்டு. பென்டமினோ என்பது அவற்றின் பெயர். நடுவிலுள்ள நான்கு கட்டங்கள் நீக்கப்பட்ட சதுரங்கப் பலகையை இப்பன்னிரண்டாலும் இடைவெளியின்றி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் நிரப்புதல் வேண்டும். சிலுவை வடிவத் துண்டுக்குப் பலகையில் மூன்று இடங்களே உண்மையில் வேறுபட்டவை. ஏனையவை சுழற்சியாலோ கண்ணாடிப் பிரதிபலிப்பாலோ இவற்றுள் அடங்கும், அல்லது மூலைக் கட்டமொன்றைத் தனிமைப்படுத்திவிடும். இதனைக் கண்ட ஸ்கொட், அம்மூன்றிலிருந்தே தேடலைத் தொடக்கினார். ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் 65 தீர்வுகளும் கிடைத்தன.

இப்புதிரை ஓர் அட்டவணையாக எழுதலாம். நிரப்பவேண்டிய கட்டங்கள் 60, துண்டுகள் 12. எனவே நிரல்கள் 72. ஒரு துண்டைப் பலகையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நிரை ஆகும். அந்நிரையில், துண்டின் பெயருக்கும் அது மூடும் ஐந்து கட்டங்களுக்கும் 1 இடப்படும். இவ்வாறு 1568 நிரைகள் உண்டாகின்றன. எல்லா நிரல்களிலும் ஒவ்வொரு 1 மட்டுமே அமையுமாறு சில நிரைகளைத் தெரிந்தெடுத்தலே சரிமூடல் எனப்படும் பிரச்சினை. சுடோகுவும் இதே உருவினதே. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் இலக்கம். ஒவ்வொரு கிடைவரியிலும், நெடுவரியிலும், சிறு சதுரத்திலும் ஒவ்வோர் இலக்கமும் ஒருமுறை: இந்நான்கு நிபந்தனைகளும் 81 வீதம் 324 நிரல்களைத் தருகின்றன. ஒரு கட்டத்தில் ஓர் இலக்கத்தை இடுதல் ஒரு நிரை. ஆக 729 நிரைகள்.

தீர்க்கும் வழி எளிது. ஒரு நிரலை எடுத்து, அதனை மூடும் நிரையொன்றைத் தெரிவுசெய்து, அதனோடு மோதும் நிரைகளையெல்லாம் நீக்கி, எஞ்சிய சிறிய அட்டவணைக்கு அதையே மீளச் செய்யவேண்டும். வழி அடைபட்டால் நீக்கியவற்றைத் திரும்ப வைத்து வேறொரு நிரையை முயலவேண்டும். செலவு முழுவதும் இந்த நீக்கலிலும் திரும்ப வைத்தலிலுமே உள்ளது. ஒவ்வொரு படியிலும் அட்டவணையைப் பிரதிசெய்து வைப்பின் கணனியின் நேரமெல்லாம் பிரதிசெய்வதிலேயே கழியும்.

இதற்கான விடையை 1979இல் யப்பானியரான ஹிதோத்துமாத்து, நோஷித்தா ஆகிய இருவரும் வெளியிட்டனர். (பின்னர் சுடோகு எனப் பெயர்பெற்ற புதிர் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் முதன்முதல் வெளிவந்ததும் அதே ஆண்டிலேயே, இது தற்செயலே.) அட்டவணையிலுள்ள 1 ஒவ்வொன்றும் தன் இடப்பக்க, வலப்பக்க அயலவரைச் சுட்டும் ஒரு பதிவாக வைக்கப்படுகிறது; மேலும் கீழும் அவ்வாறே. இடப்பக்கச் சுட்டியை L என்றும் வலப்பக்கச் சுட்டியை R என்றும் கொண்டால், x என்னும் பதிவை நீக்குவது முதல் வரி. மீட்பது இரண்டாம் வரி.

```
L[R[x]] = L[x];  R[L[x]] = R[x]
L[R[x]] = x;     R[L[x]] = x
```

முதல் வரி அயலவர் இருவரையும் ஒருவரோடொருவர் இணைத்துவிடுகிறது. ஆனால் x தனது சுட்டிகளைத் தொடுவதில்லை. வரிசையிலிருந்து விலகிய பின்னரும், தான் யார் இருவருக்கிடையில் நின்றது என்பதை அது அறிந்திருக்கிறது. நீக்கிய பதிவின் சுட்டிகளைத் துடைத்துவிடுவதே நல்ல நிரலாக்கம் எனப் பயின்றவர் இங்குக் கைசேதப்படுவர். துடைத்தால் திரும்பும் வழி இல்லை.

ஆயின் இவ்வுத்திக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அ, ஆ, இ, ஈ என நான்கு பதிவுகள் வரிசையில் நிற்க, முதலில் ஆ, பின்னர் இ நீக்கப்பட்டதாகக் கொள்வோம். இப்போது அ, ஈ இரண்டுமே எஞ்சும். ஒழுங்கை மீறி முதலில் ஆவை மீட்டால், அவிலிருந்து வலமாகச் செல்பவர் ஆவைக் கண்டு, அதன் வழியே இன்னும் மீட்கப்படாத இயையும் கண்டு, ஈயை அடைவார். ஈயிலிருந்து இடமாகத் திரும்புபவரோ நேரே அவிற்கு வந்துவிடுவார். இவ்வாறு இரு திசையும் வேறுபடுமாயின் மீட்பின் ஒழுங்கு பிறழ்ந்தது என அறியலாம். கடைசியில் நீக்கியதையே முதலில் மீட்கவேண்டும். பின்வாங்கும் தேடல் இயல்பாகவே அவ்வொழுங்கிற் செல்வதால் இரண்டும் பொருந்திவிடுகின்றன.

இருபது ஆண்டுகளுக்கு மேல் இவ்வுத்தி பரவலாக அறியப்படாமலே கிடந்தது. 2000ஆம் ஆண்டில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கனூத், அதனைச் சரிமூடலுடன் சேர்த்து விரிவான கட்டுரையாக்கினார். யப்பானியர் இருவருக்கும் உரிய இடத்தை அளித்தார். சுட்டிகள் ஒழுங்காக மாறி மாறி மீளும் காட்சிகண்டு ‘ஆடும் இணைப்புகள்’ எனப் பெயரிட்டவர் அவரே. மிகக் குறைந்த நிரைகளுள்ள நிரலை முதலில் எடுக்கும் விதியையும் அவர் வலியுறுத்தினார். ஸ்கொட் சிலுவையைக் கண்ணாற் கண்டு செய்ததை, இவ்விதி பெரும்பாலும் தானாகவே செய்கிறது. ஒரு நிரலில் ஒரு நிரையே எஞ்சினால் அது கட்டாயத் தெரிவு; ஒன்றும் எஞ்சாவிடின் அவ்வழி உடனே அடைபட்டது. சுடோகுவைப் பென்சிலால் நிரப்புபவர் செய்வதும் ஏறத்தாழ இதுவே.

எனினும் இவ்வுத்தி தேடலின் ஒவ்வோர் அடியையும் மலிவாக்குகிறதேயன்றி, அடிகளின் தொகையைக் குறைப்பதில்லை. இரு கட்டத் துண்டுகள் 32 கொண்டு முழுச் சதுரங்கப் பலகையை 1,29,88,816 வழிகளில் மூடலாம். இத்தொகையை அறிய ஆடும் இணைப்புகள் ஒவ்வொரு மூடலையும் தனித்தனியே சென்று தொடவேண்டும். கஸ்தலேயினும், டெம்பர்லி–பிஷர் இருவரும் 1961இலேயே அதனை ஒரு சூத்திரத்தால், ஒரு மூடலையேனும் தேடாமற் பெற்றுவிட்டனர்.