ஐஎம்பிஎஸ், ஆர்டிஜிஎஸ், நெஃப்ட்: எப்போது எது பொருத்தம்?

வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் இம்மூன்று முறைகளும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. ஐஎம்பிஎஸ் முறையில் பணம் உடனடியாகச் சேரும், உச்சவரம்பு ரூ.5 லட்சம். ஆர்டிஜிஎஸ் முறையில் குறைந்தபட்சத் தொகை ரூ.2 லட்சம்; ஒவ்வொரு பரிமாற்றமும் தனித்தனியே தீர்க்கப்பட்டு, வழக்கமாக 30 நிமிடங்களுக்குள் வரவு வைக்கப்படும். நெஃப்ட் பரிமாற்றங்கள் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தொகுப்பாகத் தீர்க்கப்படுகின்றன; அதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் பணம் சேர வேண்டும்.

மனை வாங்குபவர் இரவில் ரூ.20,000 முன்பணம் அனுப்ப ஐஎம்பிஎஸ் ஏற்றது. பத்திரப்பதிவு நாளில் ரூ.8 லட்சம் செலுத்த ஆர்டிஜிஎஸ் பொருத்தமானது. அவசரமில்லாத மாத வாடகைக்கு நெஃப்ட் போதும். சேமிப்புக் கணக்கிலிருந்து இணையவழியில் நெஃப்ட் மூலம் அனுப்பினால் கட்டணமில்லை.

நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் கணக்கு எண்ணைக் கொண்டே பணம் வரவு வைக்கப்படுவதால், அனுப்பும் முன் திரையில் தோன்றும் பயனாளியின் பெயரைச் சரிபார்ப்பது அவசியம்.