தீ விபத்துப் புகை

கட்டடத் தீயில் இறப்போரில் பெரும்பாலோரைக் கொல்வது புகை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுவினரைப் பலிகொண்டது காட்டுத்தீ. திறந்த வெளியில் புகை கலைந்துவிடும். அங்கே கொன்றது தழல். கட்டடத்துக்குள் நிலைமை வேறு. 2024 டிசம்பர் 12 இரவு, அண்டை மாவட்டமான திண்டுக்கல்லில் தனியார் மருத்துவமனை ஒன்றின் தரைத்தளத்தில் தீப்பிடித்தது. ஒரு குழந்தை உட்பட இறந்த ஆறு பேரும் லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்கள். லிஃப்ட் குழி புகைபோக்கியைப் போலப் புகையை மேலே இழுக்கும். தீயின்போது அதில் ஏறவே கூடாது.

புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. தலை சுற்றும், புத்தி தடுமாறும், கால் துவளும். கதவருகே வந்தும் திறக்க முடியாமல் விழுவோர் உண்டு. மெத்தை, சோபாவின் நுரைப்பஞ்சு எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் சேரும்.

சூடான புகை மேலெழுந்து கூரையடியில் தேங்கி, சில நிமிடங்களில் கீழ்நோக்கித் தடிக்கிறது. அதுவரை தரையருகே காற்று குளிர்ச்சியாகவும் நச்சு குறைவாகவும் இருக்கும். கண்ணும் ஓரளவு தெரியும். அதனால் தவழ்ந்து செல்வது உதவுகிறது. ஆனால் ஆறிய புகை தரைக்கும் இறங்கிவிடும். ஈரத்துணி கரித்துகளைத் தடுக்குமே தவிர, கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது.